தவறான விடைக்குப் பின்னால் ஒரு கணக்கு

ஜவ்வாது மலையில் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வேதியியல் அலகுத் தேர்வில் பத்துப் பலவுள் தெரிவு வினாக்கள் கொடுத்திருந்தேன். திருத்திய தாள்களைக் கொடுத்து முடித்ததும் ஒரு மாணவி தாளோடு மேசைக்கு வந்தாள்.

“டீச்சர், இதுக்கு ஏன் தப்பு போட்டீங்க? அன்னைக்கு நாங்க தெர்மாமீட்டர்ல பாத்தது 97தானே?”

வினாவைப் பார்த்தேன். ‘திறந்த பாத்திரத்தில் தூய நீர் கொதிக்கும் வெப்பநிலை எவ்வளவு?’ விடைக்குறிப்பில் 100 °C என்று இருந்தது. அவள் 97 °C-ஐத் தேர்ந்தெடுத்திருந்தாள். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “நாளைக்குச் சொல்றேன்மா” என்று தாளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதுவரை நான் செய்துவந்தது எளிய வேலை. சரியான விடைகளைக் கரும்பலகையில் எழுதிப்போடுவேன். தவறியவர்கள் அதை மூன்று முறை எழுதி வருவார்கள். அன்று மாலை எல்லாத் தாள்களையும் மறுபடி எடுத்து, ஒவ்வொரு வினாவுக்கும் அ, ஆ, இ, ஈ என நான்கு கட்டம் போட்டு, எந்தத் தெரிவை எத்தனை பேர் எடுத்தார்கள் என்று கோடு கிழித்து எண்ணினேன்.

விடை தெரியாமல் குத்துமதிப்பாகக் குறிப்பவர்கள் நான்கு கட்டங்களிலும் சிதறி விழுவார்கள். சில வினாக்களில் அப்படித்தான் இருந்தது. ஆனால் சில வினாக்களில் தவறான ஒரே கட்டத்தில் கோடுகள் குவிந்திருந்தன. அங்கே பிள்ளைகள் யோசித்திருக்கிறார்கள்; ஏதோ ஒரு கணக்கைப் போட்டு அந்த விடைக்கு வந்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு எது என்று கண்டுபிடிக்காமல் சரியான விடையை எழுதிப்போட்டால், பழைய கணக்கு அவர்கள் மனத்தில் அப்படியே தங்கிவிடும். அப்படிக் குவிந்த மூன்று வினாக்களையும், அந்த மாணவி கேட்ட வினாவையும் அடுத்த இரண்டு நாள்கள் வகுப்பில் எடுத்துக்கொண்டோம். ஒவ்வொன்றிலும் ‘இது ஏன் சரி’ என்பதற்கு முன்னால் ‘இது ஏன் சரிபோலத் தெரிந்தது’ என்று கேட்டேன்.

அடுப்பும் கல்லும்

வினா: 36 கிராம் நீரில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை

அ) 6.022 × 10²³
ஆ) 1.204 × 10²⁴
இ) 3.613 × 10²⁴
ஈ) 2.168 × 10²⁵

நீரின் மூலக்கூறு நிறை 18. எனவே 36 கிராம் நீர் 2 மோல். 2-ஐ அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் 12.044 × 10²³, அதாவது 1.204 × 10²⁴. விடை ஆ.

‘அ’வை எடுத்தவர்கள் கணக்குப் போடவே இல்லை. மூலக்கூறுகளின் எண்ணிக்கை என்றதும் மனப்பாடமாக இருந்த எண் கண்ணில் பட்டது, குறித்துவிட்டார்கள். இவர்களிடம் “36 கிராம் எங்கேம்மா போச்சு?” என்று கேட்டாலே போதும். வினாவில் கொடுத்த எண்ணைப் பயன்படுத்தவில்லை என்று அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது.

கோடுகள் குவிந்திருந்தது ‘இ’யில். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் சிலரும் அதில் இருந்தார்கள். அவர்கள் 2 மோல் என்பதைச் சரியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். பிறகு H₂O-வில் மூன்று அணுக்கள் இருப்பதால் மூன்றால் பெருக்கி, 6 மோல் என்று கொண்டுபோய்விட்டார்கள். கணக்கில் பிழையே இல்லை. ஆனால் அது ‘எத்தனை அணுக்கள்?’ என்ற வேறொரு வினாவுக்கு விடை.

மூன்று கல்லைக் கூட்டி வைத்தால் ஓர் அடுப்பு. “ரெண்டு அடுப்புக்கு எத்தனை கல்?” என்றேன். “ஆறு.” “அடுப்பு எத்தனைன்னு கேட்டா ஆறுன்னு சொல்வீங்களா?” சிரித்தார்கள். மூலக்கூறு என்பது அடுப்பு. அணு என்பது கல். வினாத்தாளில் ‘மூலக்கூறுகள்’ என்ற சொல்லின் கீழ் கோடு போடச் சொன்னேன்.

‘ஈ’யை எடுத்தவர்கள் 36-ஐ நேராக அவகாட்ரோ எண்ணால் பெருக்கியவர்கள். கிராமையும் மோலையும் ஒன்றாக எடுத்துக்கொண்ட பிழை இது. இதற்குச் சாமை மூட்டை உதவியது. ஒரு சாக்கில் 18 கிலோ சாமை பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 36 கிலோ சாமைக்கு எத்தனை சாக்கு வேண்டும்? இரண்டு என்று உடனே வந்தது. முப்பத்தாறு கிலோவைப் பார்த்து முப்பத்தாறு சாக்கு என்று யாரும் சொல்லவில்லை. பிறகு திருப்பிப் போட்டுப் பார்த்தோம். ‘ஈ’ சரியாக இருக்க வேண்டுமானால் 36 மோல் நீர் வேண்டும்; 36 × 18 = 648 கிராம். அரை லிட்டருக்கும் மேல். 36 கிராம் நீரோ ஒரு சின்ன டம்ளரின் அடியில் நிற்கும் அளவு. அளவு உருளையில் இரண்டையும் அளந்து பக்கத்தில் வைத்ததும், ‘ஈ’ எவ்வளவு தூரம் தள்ளிப்போயிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரிந்தது.

அடியில் தங்கிய உப்பு

வினா: 25 °C வெப்பநிலையில் 100 கிராம் நீரில் அதிகபட்சம் 36 கிராம் சோடியம் குளோரைடு கரையும். அதே வெப்பநிலையில் 100 கிராம் நீரில் 40 கிராம் உப்பைச் சேர்த்து நன்றாகக் கலக்கி, தெளிந்த கரைசலை மட்டும் இறுத்து எடுத்தால் அதன் நிறை சதவீதம் ஏறத்தாழ

அ) 40
ஆ) 36
இ) 28.6
ஈ) 26.5

‘அ’வும் ‘ஆ’வும் வினாவிலேயே இருக்கும் எண்கள். 40-ஐ எடுத்தவர்கள் போட்ட உப்பைப் பார்த்தார்கள். 36-ஐ எடுத்தவர்கள் கரைந்த உப்பைப் பார்த்தார்கள். இரண்டு பேருமே அதை 100-க்கு இவ்வளவு என்று எடுத்துக்கொண்டார்கள். இங்கே ஏமாற்றுவது 100 என்ற எண்தான். கரைதிறன் என்பது 100 கிராம் கரைப்பானில் கரையும் கரைபொருளின் அளவு. நிறை சதவீதம் என்பது 100 கிராம் கரைசலில் உள்ள கரைபொருளின் அளவு. இரண்டிலும் நூறு வருகிறது. ஆனால் நூறு எதனுடையது என்பது வேறு.

‘இ’யை எடுத்தவர்கள் இந்த வேறுபாட்டைப் பிடித்துவிட்டார்கள். கரைசலின் நிறையால்தான் வகுக்க வேண்டும் என்று தெரிந்து 40/140 என்று போட்டு 28.6-க்கு வந்தார்கள். அவர்கள் விட்டது ஒன்றே ஒன்று. சேர்த்த 40 கிராமில் 4 கிராம் கரையாமல் அடியில் கிடக்கிறது. அது கரைசலில் இல்லை. தெளிந்த கரைசலில் இருப்பது 36 கிராம் உப்பும் 100 கிராம் நீரும். 36/136 × 100 = 26.5. விடை ஈ.

கரும்பலகையில் இதைப் போட்டதும் எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் தலையாட்டல் எனக்குப் போதவில்லை. நான்கு விடைகளில் எது சரி என்பதை உப்பே சொல்லட்டும் என்று செய்து பார்த்தோம்.

100 மில்லிலிட்டர் நீரில் 40 கிராம் பொடியுப்பைப் போட்டுப் பத்து நிமிடம் கலக்கி, தெளியவைத்து, வடிகட்டினோம். அந்தக் கரைசலில் 50 கிராமைப் பீங்கான் கிண்ணத்தில் எடுத்துச் சூடாக்கி நீரை ஆவியாக்கினோம். ஒவ்வொரு தெரிவும் மிஞ்சும் உப்பு எவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு கணிப்பைச் சொல்கிறது. ‘அ’ சரியானால் 20 கிராம், ‘ஆ’ சரியானால் 18 கிராம், ‘இ’ சரியானால் 14.3 கிராம், ‘ஈ’ சரியானால் 13.2 கிராம். இந்த நான்கையும் எழுதிவைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தோம். எங்களுக்குக் கிடைத்தது 13 கிராமுக்குச் சற்று மேல்.

இதைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு இரண்டு குறிப்புகள். ‘இ’க்கும் ‘ஈ’க்கும் இடையே ஒரு கிராம்தான் வேறுபாடு; எனவே 0.1 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். கடைசியில் உப்பு காயும்போது பொரிந்து வெளியே தெறிக்கும். தெறித்த உப்பு கணக்கில் குறையும், கண்ணிலும் படும். நீர் வற்றத் தொடங்கியதும் தீயைக் குறைத்து, கிண்ணத்தைக் கண்ணாடித் தட்டால் சற்றே மூடி, மாணவர்களைத் தள்ளி நிற்கவைக்க வேண்டும். வகுப்பறை சரியாக 25 °C-இல் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். சோடியம் குளோரைடின் கரைதிறன் வெப்பநிலையோடு மிகச் சிறிதளவே மாறும்.

ஆறில் மூன்று போனால்

வினா: ஒரு கரைசலின் pH மதிப்பு 3, மற்றொன்றின் pH மதிப்பு 6. முதல் கரைசலின் ஹைட்ரஜன் அயனிச் செறிவு இரண்டாவதைப் போல

அ) 2 மடங்கு
ஆ) 3 மடங்கு
இ) 1000 மடங்கு
ஈ) 1000-இல் ஒரு பங்கு

‘அ’ என்பது ஆறை மூன்றால் வகுத்தது. ‘ஆ’ என்பது ஆறிலிருந்து மூன்றைக் கழித்தது. நீளம், நிறை, வெப்பநிலை என்று இதுவரை அவர்கள் படித்த அளவுகளில் இப்படித்தான் செய்தார்கள். எனவே பழகிய வழியில் போனார்கள். ஆனால் pH என்பது செறிவு அன்று. செறிவை 10-இன் அடுக்காக எழுதும்போது வரும் அடுக்கு எண்ணின் குறியை மாற்றியது. pH 3 என்றால் செறிவு லிட்டருக்கு 10⁻³ மோல். pH 6 என்றால் 10⁻⁶ மோல். ஒரு படி இறங்கினால் பத்து மடங்கு. மூன்று படி இறங்கினால் 10 × 10 × 10. விடை இ.

‘ஆ’வை எடுத்தவர்கள் சரியான விடைக்கு ஒரு படி அருகில் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கழித்தது சரி. மூன்று கிடைத்ததும் சரி. அந்த மூன்று ‘மடங்கு’ இல்லை, ‘படி’ என்று மட்டும் தெரியவில்லை. ‘ஈ’யை எடுத்தவர்களோ படியும் அறிந்து, ஆயிரமும் அறிந்து, திசையில் தவறியவர்கள். எண் பெரிதானால் அமிலமும் பெரிதாக இருக்கும் என்ற எண்ணம் அது. ‘அ’ எடுத்தவரும் ‘ஈ’ எடுத்தவரும் தாளில் ஒரே பூச்சியம்தான் வாங்குகிறார்கள். ஆனால் ஒருவருக்கு pH என்றால் என்ன என்பதையே மறுபடி தொடங்க வேண்டும். மற்றவருக்கு எதிர்க்குறியைச் சுட்டிக்காட்டினால் போதும்.

இதையும் செய்து காட்ட நினைத்து ஒரு தவறு செய்தேன். கையருகே இருந்த எலுமிச்சைச் சாற்றை எடுத்து, 1 மில்லிலிட்டருடன் 9 மில்லிலிட்டர் நீர் சேர்த்துப் பத்து மடங்கு நீர்க்கச் செய்தேன். pH தாளில் நிறம் ஒரு படி மாறும் என்று எதிர்பார்த்தால், மாற்றமே சரியாகத் தெரியவில்லை. “டீச்சர், மாறலையே!” என்றார்கள். பிறகுதான் உறைத்தது. எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம் வலிமை குறைந்த அமிலம். அதன் மூலக்கூறுகளில் ஒரு பகுதியே அயனிகளாகப் பிரிந்திருக்கும். நீர் சேர்க்கும்போது பிரியாமல் இருந்தவற்றில் மேலும் சில பிரிந்துவிடுவதால், செறிவு பத்து மடங்கு குறைவதில்லை. pH ஏறத்தாழ அரைப் படிதான் ஏறும்.

மறுநாள் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொண்டு செய்தோம். அது நீரில் முழுமையாகப் பிரியும் அமிலம். pH 1-இல் தொடங்கி, 1 மில்லிலிட்டருக்கு 9 மில்லிலிட்டர் வீதம் மூன்று முறை நீர்க்கச் செய்ததில் 2, 3, 4 என்று நிறம் படிப்படியாக மாறியது. மூன்று படி, ஆயிரம் மடங்கு. நான்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு மேல் போனால், காற்றிலிருந்து நீரில் கரைந்திருக்கும் கார்பன் டைஆக்சைடே முடிவைக் குழப்பிவிடும்.

எங்கள் மலையில் கொதிக்கும் நீர்

இப்போது அந்த மாணவியின் வினாவுக்கு வருகிறேன்.

வினா: திறந்த பாத்திரத்தில் தூய நீர் கொதிக்கும் வெப்பநிலை எவ்வளவு?

அ) 97 °C
ஆ) 100 °C
இ) 103 °C
ஈ) 373 °C

‘ஈ’ கவர்வதற்குக் காரணம் தெளிவு. 373 என்பது கெல்வினில் நீரின் கொதிநிலை. எண் பழகியது, அலகுதான் வேறு. ‘இ’யை எடுத்தவர்களில் ஒருவன், உப்புப் போட்டால் கொதிநிலை ஏறும் என்பதை நினைத்துக்கொண்டு குறித்திருந்தான். வினாவில் ‘தூய’ என்ற சொல் இருப்பதைக் காட்டியதும் ஒப்புக்கொண்டான்.

‘அ’வை நான் எந்த யோசனையும் இல்லாமல்தான் போட்டேன். நான்காவது தெரிவு ஒன்று வேண்டும், நூறுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கட்டும் என்று எழுதினேன். ஆனால் முந்தைய மாதம் கொதிநிலையை அளக்கும் செயல்பாட்டை நான்தான் செய்யவைத்திருந்தேன். அந்த மாணவியின் குழு தன் குறிப்பேட்டில் 97 என்று எழுதியிருந்தது. அப்போது நான், “தெர்மாமீட்டர் பழசு” என்று சொல்லிக் கடந்துபோயிருந்தேன்.

உண்மையில் தெர்மாமீட்டர் பழசா, நான் சொன்னது தவறா? இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஊரில் கடையிலிருந்து ஐஸ் கட்டி வாங்கிவந்து, உடைத்து, சிறிது நீர் விட்டு, உருகிக்கொண்டிருக்கும் அந்தக் கலவையில் தெர்மாமீட்டரை வைத்தோம். நன்றாகவே 0 °C காட்டியது. பனிக்கட்டியின் உருகுநிலை உயரத்தால் அளவிடத்தக்க அளவு மாறாது. ஆகவே கீழ்முனையில் கருவி சரி என்று தெரிந்தது. பிறகு நீரைக் கொதிக்கவைத்தோம். குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொட்டால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதால் தாங்கியில் தொங்கவிட்டோம். 97-க்கும் 98-க்கும் இடையில் நின்று, எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் ஏறவில்லை.

காரணம் நாங்கள் நிற்கும் இடம். இதே மலையில் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகம் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 8 சதவீதம் குறைவு. நீரின் ஆவியழுத்தம் வெளி அழுத்தத்தை எட்டும்போது நீர் கொதிக்கிறது. வெளி அழுத்தம் குறைந்தால் எட்ட வேண்டிய அளவும் குறைகிறது. நீர் முன்னதாகவே கொதித்துவிடுகிறது. இந்த உயரங்களில் ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று கணக்கு வைக்கலாம். 725 மீட்டருக்கு 2.4 டிகிரி குறைந்து, 97.6 °C வருகிறது. எங்கள் பள்ளியின் உயரமும் அதற்கு நெருங்கியதே. மாணவி அளந்தது சரி.

அப்படியானால் 100 தவறா? அதுவும் இல்லை. 1 வளிமண்டல அழுத்தத்தில் நீரின் கொதிநிலை 100 °C என்பதே பாடநூலின் கூற்று. பொதுத்தேர்வில் அவர்கள் எழுத வேண்டியதும் அதுவே. என் வினாவில் அழுத்தம் சொல்லப்படவில்லை. ‘திறந்த பாத்திரம்’ என்று மட்டும் இருந்தது. எங்கள் ஊரில் திறந்த பாத்திரத்தின் மேல் நிற்பது 1 வளிமண்டல அழுத்தம் இல்லை. மற்ற மூன்று வினாக்களிலும் மாணவர்கள் வேறொரு வினாவுக்கு விடை எழுதியிருந்தார்கள். இந்த வினாவில் வேறொரு வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதியவள் நான்.

வகுப்பில் அதைச் சொன்னேன். 97-ஐக் குறித்தவர்களுக்கும் 100-ஐக் குறித்தவர்களுக்கும் மதிப்பெண் போட்டேன். “சும்மா குத்திப் போட்டவனுக்கும் மார்க்கா டீச்சர்?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. நியாயமான கேள்வி. அடுத்த தேர்விலிருந்து ஒவ்வொரு தெரிவுக்கும் பக்கத்தில் ‘ஏன்?’ என்று ஒரு வரி இடம் விடுகிறேன். இரண்டு மூன்று சொற்கள் எழுதினால் போதும். யார் கணக்குப் போட்டு வந்தார், யார் கண்ணை மூடிக் குறித்தார் என்பது அந்த வரியில் தெரிந்துவிடுகிறது.

வினாவை எழுதும்போது என் வேலையும் சற்று மாறியிருக்கிறது. ஒவ்வொரு தவறான தெரிவுக்கும் எதிரில், எந்தப் பிழையைச் செய்தால் ஒரு மாணவர் இங்கே வருவார் என்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறேன். எதுவும் எழுதத் தோன்றாத தெரிவை நீக்கிவிடுகிறேன். அப்படி ஒன்றும் தோன்றாமல் போட்ட தெரிவுதான் அந்த 97. இவ்வாண்டு அந்த வினாவை நீக்கவில்லை, திருத்திவைத்திருக்கிறேன். ‘1 வளிமண்டல அழுத்தத்தில் தூய நீரின் கொதிநிலை’ என்பது ஒரு வினா. அதற்கு அடுத்து, ‘நம் பள்ளி ஆய்வகத்தில் நீர் 97.5 °C-இல் கொதித்தது; காரணம் என்ன?’ என்று இன்னொன்று. இரண்டாவதற்கான தெரிவுகளில் ஒன்று, ‘தெர்மாமீட்டர் பழுது’. அது யார் செய்த பிழை என்று என் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.